கடற்கரைப் படத்தின் பின்னணியில் நிற்பவரை நீக்குதல்: இன்பெயின்டிங் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஒரே படத்தை வைத்து எழுதப்பட்டவை. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை 7 மணிக்குச் சற்றுப் பிறகு, சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் என் அம்மாவைக் கைபேசியில் எடுத்த படம் அது. அளவு 4000×3000 பிக்சல். அம்மா கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். அவருக்குப் பல அடி பின்னால், படத்தின் வலப்பக்கத்தில், சிவப்பு டீ-ஷர்ட் அணிந்த ஒருவர் ஈர மணலில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முழங்கை அம்மாவின் ஊதா நிறச் சேலையைத் தொடுவது போல் விழுந்திருக்கிறது. அவர் தலை வானத்திலும், தோள் கடலும் வானமும் சேரும் கடல்விளிம்புக் கோட்டிலும், கால்கள் மணலிலும் இருப்பதால், அந்த ஒரே ஆளை நீக்க மூன்று விதமான பின்னணியை நிரப்ப வேண்டியிருந்தது.

ஆளை அழித்தால் அவருக்குப் பின்னால் உண்மையில் இருந்தது தெரியவருமா?

தெரியவராது. அவர் மறைத்த இடத்தைப் பற்றிய தகவல் எதுவும் அந்தப் படத்துக்குள் இல்லை. மென்பொருள் சுற்றுப்புறத்தைப் பார்த்து, அங்கே இருந்திருக்கக்கூடிய ஒன்றை வரைந்து வைக்கிறது. இதைத்தான் இன்பெயின்டிங் என்கிறோம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் எந்தக் கருவி எங்கே தோற்கும் என்பது புரியும்.

வரையும் முறைகள் பல உண்டு. மிகப் பழைய முறை, துளையின் விளிம்பில் உள்ள நிறங்களையும் கோடுகளையும் மெல்ல உள்ளே பரவவிடுவது. சுவரோவியங்களைச் செப்பனிடுவோர் பயன்படுத்திய ‘இன்பெயின்டிங்’ என்ற சொல்லை 2000-ஆம் ஆண்டில் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்த ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. பழைய படத்தில் உள்ள கீறலுக்கும் மின்கம்பிக்கும் இது இன்றும் போதும். ஆள் அளவு துளையில் வெறும் மங்கல்தான் மிஞ்சும். அடுத்தது, படத்தின் வேறு பகுதிகளிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து ஒட்டும் முறை. ஃபோட்டோஷாப்பில் 2010-இல் வந்த ‘கன்டென்ட்-அவேர் ஃபில்’ வசதியும், ஜிம்ப் மென்பொருளுக்கான ரீசிந்தசைசர் செருகுநிரலும் இந்த வகை. மூன்றாவதாக, ஏராளமான படங்களில் பயிற்சி பெற்ற நரம்பு வலைப்பின்னல்கள். இவற்றுள் 2021-இல் வெளியான லாமா, ஆட்களையும் பொருள்களையும் நீக்குவதற்கே பெயர் பெற்றது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற உருவாக்க மாதிரிகள் நான்காவது வகை. படத்தில் எங்கும் இல்லாத ஒன்றையும் இவை புதிதாக வரையும்.

அப்படியானால் நான் எதில் தொடங்க வேண்டும்?

மணல், புல், சுவர், வானம் போன்ற எளிய பின்னணி என்றால் லாமாவில் தொடங்குங்கள். இது சொந்தக் கணினியிலேயே, தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமலும் ஓடும். பைதான் நிறுவிய கணினியின் டெர்மினலில், லாமாவை இயக்கும் IOPaint மென்பொருளுக்கான பின்வரும் இரண்டு கட்டளைகளைக் கொடுத்த பிறகு உலாவியில் `localhost:8080` என்ற முகவரியைத் திறந்தால், தூரிகையால் தேய்த்து அழிக்கும் பக்கம் வரும். குடும்பப் படங்களை வேறொருவருடைய சர்வருக்கு அனுப்ப விரும்பாதவர்களுக்கு இது பெரிய வசதி.

```
pip install iopaint
iopaint start --model=lama --device=cpu --port=8080
```

துளை மிகப் பெரிதாகவும், அதற்குள் ஒரு மரத்தின் மறுபாதி அல்லது கட்டடத்தின் மூலை போன்ற ஏதேனும் ஒன்று புதிதாக வந்தாக வேண்டிய நிலையும் இருந்தால் மட்டும் உருவாக்க மாதிரிகளுக்குப் போங்கள். என் அனுபவத்தில், முடிவு இயல்பாக இருப்பதும் இல்லாததும் கருவியைவிட மாஸ்க்கைப் பொறுத்ததே. அதாவது, எந்தப் பகுதியை அழிக்கச் சொல்கிறோம் என்று குறித்துக் கொடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொறுத்தது.

ஆளைச் சுற்றி மிகத் துல்லியமாக வரைந்து அழித்தேன். ஆனாலும் அவர் உருவத்தின் ஓரம் பேய் போலத் தெரிகிறது. எங்கே தவறு?

அந்தத் துல்லியம்தான் தவறு. முதலில் நானும் சிவப்பு டீ-ஷர்ட்டின் ஓரத்தை அணு அணுவாகப் பின்பற்றி மாஸ்க் வரைந்தேன். நிரப்பிய பிறகு, மணலின் மேல் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தோள் வடிவில் நின்றது.

கண்ணுக்கு ஆள் முடிவதாகத் தோன்றும் இடத்தில் அவருடைய நிறம் முடிந்துவிடுவதில்லை. லென்ஸின் மங்கலால் விளிம்பு சில பிக்சல்களுக்குப் பரவுகிறது. கைபேசி தானாகச் செய்யும் கூர்மையாக்கல், விளிம்பை ஒட்டி ஒரு வெளிறிய வளையத்தை உண்டாக்குகிறது. ஜேபெக் வடிவம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதாலும், நிறத்தைப் பெரும்பாலும் பாதித் தெளிவிலேயே வைத்திருப்பதாலும், சிவப்பு வெளியே கசிகிறது. இவை மாஸ்க்குக்கு வெளியே தங்கிவிட்டால், நிரப்பும் கருவி அவற்றையும் பின்னணியாக எடுத்துக்கொண்டு உள்ளே நீட்டிவிடும்.

ஆகவே துல்லியமாக வரைந்த மாஸ்க்கை எல்லாப் பக்கமும் விரிக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படத்துக்கு 10 முதல் 15 பிக்சல் வரை எனக்குப் பொருந்தி வந்திருக்கிறது. ஜிம்ப்பில் `Select → Grow` இதைச் செய்யும். நிரல் எழுதுபவர்களுக்கு ஓபன்சிவி போதும். கீழே உள்ள 25 என்ற அளவு ஒவ்வொரு பக்கமும் 12 பிக்சல் விரிக்கும்.

```python
import cv2
mask = cv2.imread("mask.png", 0)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (25, 25))
cv2.imwrite("mask_big.png", cv2.dilate(mask, k))
```

பறக்கும் முடி இருந்தால் அதை இழை இழையாகத் தேட வேண்டாம். முடி பறக்கும் பகுதி முழுவதையும் ஒரே மொத்தையாக மாஸ்க்குக்குள் சேர்த்துவிடுங்கள். விரிக்கக் கூடாத ஒரே இடம், நாம் காப்பாற்ற விரும்பும் ஆளைத் தொடும் பக்கம். அதற்கான வழி பின்னால் வருகிறது.

நிழலையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டுமா? நிழல் சிறியதாகத்தானே இருக்கிறது?

கட்டாயம் சேர்க்க வேண்டும். நிழல் மட்டுமல்ல, அந்த ஆள் படத்தில் விட்டுச்சென்ற தடயங்கள் அனைத்தையும் சேர்க்க வேண்டும்.

சென்னைக் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்துப் படமெடுத்தால் சூரியன் நமக்கு எதிரே இருக்கும். நிழல்கள் நம்மை நோக்கி விழும். டிசம்பரில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து தெற்கே விலகி எழுவதால், கடலைப் பார்த்து நிற்பவருக்கு அது வலப்பக்கம் இருக்கும். நிழல் இடப்பக்கமாகச் சாயும். 7 மணி வெயிலில் நிழல் ஆளின் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளும். என் படத்தில் அந்த மனிதரின் நிழல் இடப்புறம் சாய்ந்து வந்து அம்மாவின் கால் அருகே, அம்மாவின் நிழல் தொடங்கும் இடத்தில் முடிந்தது. முதல் முயற்சியில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஆள் போய்விட்டார், மணலில் ஓர் இருண்ட பட்டை மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. படத்தைப் பார்த்த தங்கை, காரணம் சொல்லத் தெரியாமலே, “இங்கே என்னவோ இடிக்கிறது” என்றாள்.

ஈர மணலில் பிரதிபலிப்பும் உண்டு. அதை நிழலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். பிரதிபலிப்பு எந்த நேரத்திலும் காலடியிலிருந்து படத்தில் நேர் கீழாகவே இறங்கும். ஆகவே அந்த மனிதரின் காலிலிருந்து இரண்டு வால்கள் புறப்பட்டன: இடப்பக்கம் சாய்ந்த கறுப்பு நிழல் ஒன்று, நேர் கீழே மங்கலான சிவப்புச் சாயல் ஒன்று. இரண்டும் மாஸ்க்குக்குள் வர வேண்டும். நிழலின் ஓரம் ஆளின் ஓரத்தைவிட மென்மையானது. தலையின் நிழல் விழும் முனையில் அது இன்னும் மங்கலாக இருக்கும். எனவே அங்கே 12 பிக்சல் விரிவு போதாது. 30 பிக்சல் வரை தாராளமாக விரித்தேன்.

காலடித் தடங்களை என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. பல பேர் நடந்த மணலில் அவை உறுத்தாது, விட்டுவிடலாம். அலை கழுவிச் சென்ற வழுவழுப்பான மணலில் ஒரே வரிசைத் தடம் ஓரிடம் வரை வந்து நின்றுபோனால் அது நிச்சயம் உறுத்தும். அப்போது அவற்றையும் நீக்குங்கள்.

அம்மாவின் நிழலோடு கலந்த இடத்தில் நிரப்பும் கருவியை நம்ப முடியாது. எது யாருடைய நிழல் என்று அதற்குத் தெரியாது. அங்கே மட்டும் மாஸ்க்கை அம்மாவின் நிழல் ஓரத்தோடு நிறுத்தி, பிறகு அந்த ஓரத்தை ஜிம்ப்பின் குளோன் கருவியால், 50 விழுக்காடு ஒளிபுகாமையில், கையால் சீர்செய்தேன்.

ஆளை அழிக்கச் சொன்னால் அதே இடத்தில் வேறோர் ஆளை வரைந்து வைக்கிறது. எத்தனை முறை செய்தாலும் இப்படியே வருகிறது. என்ன செய்யலாம்?

இது உருவாக்க மாதிரிகளில் மட்டும் வரும் சிக்கல். பெரும்பாலும் காரணம் முந்தைய கேள்வியில்தான் இருக்கிறது: நிழல் மாஸ்க்குக்கு வெளியே கிடக்கிறது. மணலில் மனித நிழலும், அது தொடங்கும் இடத்தில் நின்ற மனித வடிவில் ஒரு துளையும் இருந்தால், அங்கே மனிதரை வரைவதே பொருத்தம் என்று மாதிரி முடிவு செய்வதில் வியப்பில்லை. நிழலைச் சேருங்கள், மாஸ்க்கின் மனித வடிவத்தையும் கலைத்து, தலை தோள் தெரியாத ஒழுங்கற்ற திட்டாக மாற்றுங்கள்.

அடுத்து, எழுத்துக் குறிப்பு. ‘ஆளை நீக்கு’ என்று எழுதினால், ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாதிரி அதைக் கட்டளையாகப் புரிந்துகொள்ளாது; ‘ஆள்’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதை மட்டும் விவரிக்க வேண்டும்:

```
empty wet sand, calm sea, hazy morning sky
```

ஸ்டேபிள் டிஃப்யூஷனை உலாவியில் இயக்க உதவும் AUTOMATIC1111 இடைமுகத்தைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். `Masked content` என்பது `original` என்று இருந்தால் வேலை பழைய ஆளின் நிறங்களிலிருந்தே தொடங்கும், `Denoising strength` 0.75 என்ற இயல்பு அளவில் சிவப்புத் திட்டு மறுபடி சிவப்பான ஏதோ ஒன்றாகத் திரும்பி வரும். `fill` அல்லது `latent noise` என்று மாற்றி, அந்த அளவையும் 0.9-க்கு மேல் உயர்த்துங்கள். இன்பெயின்டிங்குக்கென்றே பயிற்சி பெற்ற மாதிரியையே ஏற்றுங்கள். சாதாரண மாதிரி துளையின் ஓரங்களை அவ்வளவு கவனமாகப் பொருத்தாது.

இதற்கும் மசியாவிட்டால், முதலில் லாமாவால் ஆளை நீக்கி, மங்கலாக வந்த அந்த நிரப்பலின் மேல் உருவாக்க மாதிரியை `original` அமைப்பில், `Denoising strength` 0.4 அளவில் ஓடவிடுங்கள். ஆள் ஏற்கெனவே போய்விட்டதால் திரும்பி வர வழியில்லை. மணலின் நுணுக்கம் மட்டும் கூடும்.

திரையில் சிறியதாகப் பார்க்கும்போது நன்றாக இருக்கிறது. பெரிதாக்கினால் நிரப்பிய இடம் மட்டும் மெழுகு பூசியது போல் இருக்கிறது. ஏன்?

நீங்கள் கொடுத்த அளவில் கருவி வேலை செய்திருக்காது. பல செயலிகள் படத்தை உள்ளுக்குள் சுருக்கி, நிரப்பி, மீண்டும் பெரிதாக்கித் தருகின்றன. 4000 பிக்சல் அகலப் படத்தை 1024-க்குச் சுருக்கினால், நிரப்பலில் ஒரு பிக்சல் ஏறக்குறைய நான்கு பிக்சல் அகலத்துக்கு இழுக்கப்படும். மணல் துகள் அளவிலான நுணுக்கம் அதில் எப்படித் தங்கும்?

வழி, முழுப் படத்தையும் கொடுக்காமல் தேவையான பகுதியை வெட்டிக் கொடுப்பது. என் படத்தில் ஆளும் நிழலும் சேர்ந்து ஏறக்குறைய 900×1300 பிக்சல் இடத்தை அடைத்தன. அதை மூன்றாகப் பிரித்தேன்: தலையும் வானமும், உடலும் கடலும், காலும் நிழலும். ஒவ்வொன்றையும் 1024×1024 துண்டாக வெட்டி, தனித்தனியே நிரப்பி, அதே இடத்தில் திரும்ப வைத்தேன். அடுத்த துண்டை வெட்டும்போது ஏற்கெனவே நிரப்பிய பகுதி அதில் தெரியும்படி வெட்டினால் இணைப்பு பிசகாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளையை ஒட்டி மிக நெருக்கமாக வெட்டினால் கருவிக்குச் சுற்றுப்புறமே தெரியாது. எந்தப் பின்னணியைத் தொடர வேண்டும் என்று அறியாமல் தடுமாறும். துளை எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு இடம் இருபுறமும் இருப்பது நல்லது. AUTOMATIC1111-இல் `Only masked padding, pixels` என்ற அளவு 32 என்றுதான் முதலில் இருக்கும். ஆள் அளவு துளைக்கு இது மிகக் குறைவு. லாமாவிலோ சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வரும்: முழு அளவுப் படத்தில் மிகப் பெரிய துளையைக் கொடுத்தால், நடுவில் கட்டம் கட்டமாக ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரலாம். அப்படி வந்தால் துண்டைப் பாதியாகச் சுருக்கி நிரப்பிப் பாருங்கள்.

நிரப்பிய துண்டைத் திரும்ப வைக்கும்போது, தொடாத இடங்களும் சற்று மாறியிருக்கின்றனவே?

ஆம், உருவாக்க மாதிரிகள் துண்டு முழுவதையும் சுருக்கப்பட்ட வேறொரு வடிவுக்கு மாற்றி, வேலை முடிந்ததும் மீட்டெடுக்கின்றன. இந்தப் போக்குவரவில் மாஸ்க்குக்கு வெளியே உள்ள நுண்ணிய விவரங்களும் சிதையும். முகமும் எழுத்தும்தான் முதலில் கெடும். எனவே துண்டை அப்படியே ஒட்டாமல், மாஸ்க் பகுதியை மட்டும் மூலப் படத்தின் மேல் வைக்க வேண்டும். கீழே `fill` என்பது நிரப்பிய துண்டு, `original` அதே இடத்தின் மூலத் துண்டு, `mask_big` அந்த இடத்துக்கான விரித்த மாஸ்க்; மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

```python
m = cv2.GaussianBlur(mask_big, (0, 0), 4)[..., None] / 255.0
out = (fill * m + original * (1 - m)).round().astype("uint8")
```

இங்கே ஓரத்தை மென்மையாக்கும் அளவு 4. அதன் தாக்கம் ஏறக்குறைய 12 பிக்சல் வரை உள்ளே போகும். மாஸ்க்கை 12 பிக்சல் விரித்திருப்பதால் அந்தக் கலப்பு மண்டலத்தில் இருப்பது மணல் மட்டுமே. விரிவு 5 பிக்சலாகவும் மென்மை 4 ஆகவும் இருந்திருந்தால், மூலப் படத்தின் சிவப்பு ஓரம் கலப்பு வழியாக மீண்டும் எட்டிப்பார்க்கும். விரிவு எப்போதும் மென்மையின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது.

நீக்க வேண்டியவரின் கை என் அம்மாவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அழித்தால் சேலை நிறம் மணலில் வழிகிறது. எப்படிப் பிரிப்பது?

நிரப்பும் கருவிக்குச் சேலையும் பின்னணிதான். துளையின் ஒரு பக்கம் ஊதா நிறம் இருந்தால், அதைத் தொடர்வதுதான் அதன் வேலை. ஆகவே வேலை முடியும் வரை சேலை அதன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

நான் செய்தது இது. ஜிம்ப்பில் லேயரை நகலெடுத்து, மேல் லேயரில் அம்மாவைப் பாதை வரையும் கருவியால் கவனமாகத் தேர்ந்தெடுத்து, மற்றதை லேயர் மாஸ்க்கால் மறைத்தேன். முழு உருவமும் தேவையில்லை. அந்த மனிதரைத் தொடும் வலப்பக்க ஓரம், தோளிலிருந்து இடுப்பு வரை, துல்லியமாக இருந்தால் போதும். பிறகு கீழ் லேயரில், அம்மாவின் அந்த ஓரத்தின் மேல் ஏறக்குறைய 150 பிக்சல் அகலத்துக்குக் கடலையும் மணலையும் குளோன் கருவியால் முரட்டுத்தனமாகப் பூசினேன். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தக் கீழ் லேயரைத்தான் லாமாவுக்குக் கொடுத்தேன். துளையின் இரு பக்கமும் மணலும் கடலுமே தெரிந்ததால் ஊதா நிறம் வழிய இடமில்லை. மேல் லேயரைத் திரும்பக் காட்டியபோது அம்மா தன் இடத்தில், தன் உண்மையான ஓரத்தோடு நின்றார்.

ஒரு சிறு வேலை மிச்சமிருக்கும். சேலை ஓரத்தின் கடைசி இரண்டு மூன்று பிக்சல்களில் அந்த மனிதரின் சிவப்பு கலந்திருக்கும். லேயர் மாஸ்க்கை அந்த இடத்தில் 2 பிக்சல் உள்ளே தள்ளினால் அது மறையும். ஃபோட்டோஷாப்பின் கன்டென்ட்-அவேர் ஃபில் பயன்படுத்துபவர்கள், துண்டுகள் எங்கிருந்து எடுக்கப்படலாம் என்று காட்டும் பச்சைப் பகுதியிலிருந்து அம்மாவைத் தூரிகையால் நீக்கிவிட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

கடல்விளிம்புக் கோடு நிரப்பிய இடத்தில் மட்டும் வளைந்தோ முறிந்தோ வருகிறது.

நீண்ட நேர்கோட்டின் ஒரு பிக்சல் பிசகைக்கூடக் கண் பிடித்துவிடும். இதைக் கருவியிடம் விடாதீர்கள். துளையின் இரு பக்கமும் கோடு எந்த உயரத்தில் முடிகிறது என்று பாருங்கள். என் படம் சற்றே சாய்ந்திருந்ததால் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் 3 பிக்சல் தாழ்ந்திருந்தது. இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டில் ஒரு தேர்வுப் பகுதியை வரைந்து, அதன் மேல்புறத்தை வானமாகவும் கீழ்புறத்தைக் கடலாகவும் தனித்தனியே நிரப்புங்கள். இறுதியில் அந்தக் கோட்டை மட்டும் அரை பிக்சல் முதல் ஒரு பிக்சல் வரை மங்கலாக்குங்கள். தொடாத பகுதியில் கோடு எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அதற்குச் சமமாக. தரை ஓடு, கம்பி வேலி, கதவு நிலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

நிறம், கோடு, நிழல் எல்லாம் சரி. ஆனாலும் ஒட்டுப்போட்டது போலவே இருக்கிறது.

புள்ளிக் குறுணையைப் பாருங்கள். எந்தக் கைபேசிப் படத்திலும், வெறும் வானத்தில்கூட, சென்சாரால் வரும் மெல்லிய நாய்ஸ் இருக்கும். நிரப்பல் பெரும்பாலும் அது இல்லாமல் வழவழப்பாக வருகிறது. மணலில் இது ஒளிந்துகொள்ளும், வானத்தில் தப்பாது. கண்டுபிடிக்க எளிய வழி, கர்வ்ஸ் கருவியில் நடுப்பகுதியைச் செங்குத்தாக உயர்த்துவது. திட்டு எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அளந்தும் பார்க்கலாம். தொடாத வானத்திலிருந்தும் நிரப்பிய வானத்திலிருந்தும் ஒவ்வொரு சதுரத்தை எடுத்து, மங்கலாக்கிய நகலைக் கழித்து, மிஞ்சுவதன் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள்:

```python
def noise(p):
    p = p.astype("float32")
    return (p - cv2.GaussianBlur(p, (0, 0), 2)).std()
```

என் படத்தில் உண்மையான வானம் 3.1 காட்டியது, நிரப்பல் 1.2. சேர்க்க வேண்டியது இவற்றின் வித்தியாசமான 1.9 அல்ல. நாய்ஸ் அளவுகளின் வர்க்கங்களே கூடும், எனவே √(3.1² − 1.2²), அதாவது ஏறக்குறைய 2.9. கைபேசி நாய்ஸ் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாக இராமல் சற்றுத் திட்டுத் திட்டாக இருப்பதால், சேர்க்கும் நாய்ஸை மிக லேசாக மங்கலாக்கி, குறைந்துபோன அளவை மீண்டும் 2.9-க்கு உயர்த்திக்கொள்ளுங்கள். கணக்கு வேண்டாம் என்பவர்கள், நிரப்பல் லேயருக்கு மட்டும் `Filters → Noise → RGB Noise` கொடுத்து, 100% அளவில் பார்த்தபடியே பக்கத்து வானத்தோடு கலக்கும் வரை கூட்டலாம்.

குறுணையும் சரியாக இருந்தால், திரும்ப வரும் வடிவங்களைத் தேடுங்கள். என் மணலில் ஒரே கிளிஞ்சல் இரண்டு இடங்களில், ஒரே கோணத்தில் கிடந்தது. ஒன்றைக் குளோன் கருவியால் மூடினேன். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்கு இப்படிப்பட்டவை புதிதாகத் தெரியும்.

கோயில் கல்வெட்டுக்கு முன்னால் நிற்பவரை இப்படி நீக்கலாமா?

கல்வெட்டு வாசிக்கப்பட வேண்டிய படம் என்றால் வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளம் நெடுகச் சோழர் கால எழுத்துகள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றின் முன் நிற்பவரை நீக்கினால், துண்டு ஒட்டும் கருவி வேறு வரியின் எழுத்துகளைக் கொண்டுவந்து அங்கே வைக்கும். உருவாக்க மாதிரி, எழுத்துப் போலத் தோன்றும் ஆனால் எந்த எழுத்தும் அல்லாத கீறல்களை வரையும். இரண்டும் தூரத்திலிருந்து நம்பும்படி இருப்பதுதான் ஆபத்து. செய்திப் படம், வழக்குக்கான படம், நிலத்தின் எல்லையைக் காட்டும் படம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

அங்கே உண்மையில் இருந்ததே வேண்டும் என்றால் வழியே இல்லையா?

படம் எடுக்கும்போதே யோசித்தால் உண்டு. கைபேசியை முக்காலியில் வைத்தோ சுவரில் சாய்த்தோ, அசையாமல், சில நொடி இடைவெளியில் 9 படங்கள் எடுங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 9 படங்களின் இடைநிலை மதிப்பை எடுத்தால், நடமாடுபவர்கள் தாமாகவே மறைந்துவிடுவார்கள். கீழே `frames` என்பது அந்த 9 படங்களின் பட்டியல்.

```python
import numpy as np
out = np.median(np.stack(frames), axis=0).astype("uint8")
```

நிபந்தனை ஒன்றுதான்: எந்த இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்திருக்க வேண்டும். நடந்து போகிறவர்கள் போய்விடுவார்கள். ஒரே இடத்தில் நின்று கைபேசி பார்ப்பவர் போகமாட்டார். அவர் நகரும் வரை காத்திருந்து இன்னும் ஒரே ஒரு படம் எடுத்தாலும் போதும். அதிலிருந்து அவர் நின்ற இடத்தை மட்டும் வெட்டி, முதல் படத்தின் மேல் லேயராக வைத்து, மேலே சொன்னபடி ஓரத்தை மென்மையாக்கினால், சுவரில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மையான எழுத்தாகவே இருக்கும். கடலில் இது பலிக்காது. அடுத்த நொடியில் அலை வேறாகிவிடும். அங்கே லாமாவே சரி.